ரன்னிங் அடியும் சதுர அடியும்: சுற்றளவு, பரப்பளவு எங்கே பிரிகின்றன?

எங்கள் மாமாவுக்கு ஊருக்குக் கிழக்கே ஒரு ஏக்கர் காடு இருக்கிறது. கடலை போட்டால் மேய வரும் ஆடுகள் கொடியை மொட்டையடித்துவிட்டுப் போகின்றன என்று, கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்ட முடிவு செய்தார். அவருக்குத் தெரிந்த இன்னொருவர் போன வருடம்தான் தன் ஒரு ஏக்கருக்கு வேலி போட்டிருந்தார். அவரிடம் விசாரித்தபோது, "பத்தடிக்கு ஒரு கால் வெச்சு எண்பத்து நாலு கால் ஆச்சுங்க" என்றார். நமக்கும் ஒரு ஏக்கர்தானே என்று மாமாவும் 84 கால் இறக்கினார்.

தென்கிழக்கு மூலையில் முதல் காலை நட்டு, நீளப் பக்கமாகப் போனார்கள். அந்தப் பக்கம் முடியும்போது 67 கால் போய்விட்டது. மூலை திரும்பி, குட்டைப் பக்கத்துக்கு இன்னும் 7. மறுபடி திரும்பி வரும் வழியில் பத்துக் கால் நட்டதும் கையிருப்பு தீர்ந்தது. எதிரே 560 அடி நீளமும், அது முடிந்து இன்னொரு குட்டைப் பக்கமும் திறந்து கிடந்தன. கல் எண்ணியதில் தப்பா, வண்டியில் குறைத்து ஏற்றிவிட்டார்களா என்று அன்றைக்குப் பேச்சு ஓடியது. எண்ணிக்கையில் ஒரு தப்பும் இல்லை. வாங்கின கணக்குதான் வேறு எதையோ அளந்த கணக்கு.

மாமாவின் காடு 66 அடி அகலம், 660 அடி நீளம். பெருக்கிப் பாருங்கள்: 43,560 சதுர அடி. சரியாக ஒரு ஏக்கர். அந்த இன்னொருவரின் காடு கிட்டத்தட்ட சதுரம், பக்கத்துக்கு 209 அடி. அதுவும் ஒரு ஏக்கர்தான். இப்போது ஓரம் சுற்றி நடந்து பார்த்தால், சதுரக் காட்டைச் சுற்ற 836 அடி. மாமாவின் காட்டைச் சுற்ற 66 + 660 + 66 + 660, அதாவது 1,452 அடி. வேலி ஓரத்தில்தான் நிற்கிறது. காட்டுக்கு நடுவில் கல் நடுவதில்லை. அப்படியிருக்க, நடுவில் எவ்வளவு மண் இருக்கிறது என்று சொல்லும் "ஒரு ஏக்கர்" என்ற எண், கல்லுக்கால் கணக்கில் எந்த உதவியும் செய்யாது.

இந்த இரண்டு அளவுகளுக்கும் பள்ளிக்கூடத்துப் பெயர்கள் உண்டு. ஓரத்தைச் சுற்றி வரும் நீளம் சுற்றளவு. ஓரத்துக்கு உள்ளே அடங்கிய பரப்பு எவ்வளவு என்பது பரப்பளவு. சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம்தான். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் சுற்றளவு, இரண்டையும் ஒன்றோடொன்று பெருக்கினால் பரப்பளவு. மாமாவுக்கும் அது தெரியும். ஆனால் சூத்திரம் தெரிந்தவர்களே தடுமாறுவது வேறு ஓர் இடத்தில்: பரப்பளவு ஒன்றாக இருந்தால் சுற்றளவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று மனசு தானாகவே நம்பிவிடுகிறது. பெரிய காட்டுக்குப் பெரிய வேலி, ஒரே அளவுக் காட்டுக்கு ஒரே அளவு வேலி என்று தோன்றுகிறது. அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. அதைப் பார்க்க வயலைவிட வீட்டுத் தரை வசதியானது.

எங்கள் வீட்டில் ஓர் அறைக்கு டைல்ஸ் போட்டோம். 12 அடிக்கு 10 அடி அறை. கடையில் காட்டிய டைல் "ரெண்டுக்கு ரெண்டு", அதாவது பக்கத்துக்கு இரண்டடி. ஒரு பெட்டியில் நாலு. நான் கடையிலேயே கணக்குப் போட்டேன். அறை 120 சதுர அடி. ஒரு டைல் 4 சதுர அடி, ஒரு பெட்டி 16. 120-ஐ 16-ஆல் வகுத்தால் ஏழரை. எட்டுப் பெட்டி போதும் என்று கொத்தனாருக்குப் போன் செய்தேன். அவர், "பத்துப் பெட்டி எடுத்துருங்க சார். நீங்க சதுர அடி மட்டும் பாத்திருக்கீங்க, ரன்னிங் அடியைச் சேக்கலை" என்றார்.

கட்டட வேலை செய்பவர்களின் பேச்சில் சுற்றளவு, பரப்பளவு என்ற சொற்கள் அதிகம் வராது. ஆனால் அந்த வேறுபாட்டை அவர்கள் ஒவ்வொரு நாளும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். தரைக்கு டைல் ஒட்டக் கூலி சதுர அடிக்கு இவ்வளவு. சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங்குக்குக் கூலி ரன்னிங் அடிக்கு இவ்வளவு. ரன்னிங் அடி என்றால் டேப்பை நேராக இழுத்து அளக்கிற அடி, வெறும் நீளம். சதுர அடி என்பது அப்படி இல்லை. அது ஒரு சின்னக் கட்டம்: ஓரடிக்கு ஓரடி, அப்படிப்பட்ட கட்டங்கள் எத்தனை உள்ளே அடங்கும் என்ற எண்ணிக்கை.

தரையில் டைல் போட்டு முடித்ததும் அந்த எண்ணிக்கை கண்முன் கிடக்கும். எங்கள் அறையில் நீளவாக்கில் ஒரு வரிசைக்கு 6 டைல், அப்படி 5 வரிசை. ஆறை ஐந்து முறை எண்ணினால் முப்பது. நீளத்தை அகலத்தால் ஏன் பெருக்குகிறோம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினாலே போதும். ஒரு வரிசையில் எத்தனை, அப்படி எத்தனை வரிசை. சுற்றளவுக்கு ஏன் கூட்டுகிறோம் என்றால், அங்கே வரிசை என்று ஒன்றுமே இல்லை. ஒரு சுவரோரமாக நடந்து, அடுத்த சுவரோரமாக நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறோம். நடந்த தூரங்களைக் கூட்டத்தான் வேண்டும்.

கொத்தனார் சொன்ன ரன்னிங் அடி அந்த நடைதான். 12 + 10 + 12 + 10, மொத்தம் 44 அடி. வாசல் 3 அடி, அங்கே ஸ்கர்ட்டிங் வராது, அதனால் 41. நாலங்குல உயரத்துக்கு ஸ்கர்ட்டிங். அதற்கு அதே டைலைப் பட்டை பட்டையாக அறுத்து ஒட்டுவார்கள். ஒரு டைலில் ஆறு பட்டை கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டடி என்பதால், ஒரு டைல் பன்னிரண்டு அடி போலச் சுவரைச் சுற்றி ஓடும். 41 அடிக்கு நாலு டைல். நான் போட்ட கணக்கில் இந்த ஒரு பெட்டி இல்லவே இல்லை. அறையின் பரப்பளவுக்குள் அது வராது. சுற்றளவை அளந்தால்தான் தெரியும்.

இன்னொரு பிழையும் இருந்தது. "ரெண்டுக்கு ரெண்டு" என்று விற்கும் டைல் உண்மையில் 600 மில்லிமீட்டர். இரண்டடி என்பது 610 மில்லிமீட்டர் போல வரும். பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தால் 1.44 சதுர மீட்டர் என்று அச்சடித்திருக்கும். அது பதினைந்தரை சதுர அடிதான், பதினாறு இல்லை. ஒரு டைலுக்கு ஒன்பது, பத்து மில்லிமீட்டர் குறைவது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஆறு டைல் வரிசையாகப் போனதும் சுவரோரம் 58 மில்லிமீட்டர் வெறுமையாக நிற்கும். ஐந்து வரிசை முடிந்த பக்கத்தில் 48 மில்லிமீட்டர். இணைப்பு இடைவெளிகள் அதில் கொஞ்சத்தை விழுங்கினாலும் மிச்சத்துக்குப் பட்டை அறுத்து வைத்தாக வேண்டும். அதற்கு இரண்டு டைல். முப்பதும் இரண்டும் நாலும் முப்பத்தாறு, அதாவது ஒன்பது பெட்டி. அறுக்கும்போது உடைவதற்குச் சேதாரமாக ஒரு பெட்டி. பத்து.

சேதாரம் வேண்டாம், பற்றாவிட்டால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த பேட்ச்சில் வரும் டைல் ஒரு பொடி நிறம் மாறியிருக்கும். பெட்டிமேல் பார்த்தால் தெரியாது, தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

எங்கள் கொத்தனார் மெல்லிய பட்டைகளைக் கதவுக்கு எதிர்ப்பக்கச் சுவர்களுக்குத் தள்ளிவிட்டார். சிலர் அப்படி மெல்லிய பட்டை வருவதையே விரும்பாமல், இரண்டு ஓரத்திலும் பாதிக்கு மேல் அகலமான துண்டு வருமாறு நடுவிலிருந்து தொடங்குவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அப்போது இதே அறைக்கு வரிசைக்கு ஏழு டைல், ஆறு வரிசை, மொத்தம் 42 ஆகும். ஓரத்துத் துண்டுகள் பாதிக்கு மேல் அகலம் என்பதால் ஒரு டைலில் ஒரு துண்டுதான் வரும். வெட்டி மிஞ்சியதில் ஸ்கர்ட்டிங் பட்டைகள் எடுத்துக்கொள்ளலாம். தரையின் பரப்பளவு அதே 120 சதுர அடி. ஆக, பரப்பளவு சொல்வது குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும். முழு டைலை வெட்டித்தான் ஓரத்தை நிரப்ப முடியும் என்கிற இடத்தில் அந்த எண் கூடிவிடும்.

இப்போது அந்த முப்பத்தாறு டைலை வைத்துக்கொண்டு மாமாவின் காட்டுக்குத் திரும்பலாம். ஒட்டுவதற்கு முன் அவற்றை வெறும் தரையில் பரப்பிப் பாருங்கள். ஆறுக்கு ஆறு என்று சதுரமாக அடுக்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு டைல் ஓரம், நாலு பக்கத்துக்கு 24 ஓரம். பிறகு கலைத்துவிட்டு, நாலு வரிசை, வரிசைக்கு ஒன்பது என்று அடுக்குங்கள். ஓரம் 26. மூன்று வரிசையாக, பன்னிரண்டு பன்னிரண்டாக வைத்தால் 30. இரண்டு வரிசையாக வைத்தால் 40. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் ரயில் பெட்டி மாதிரி வைத்தால் 74. ஒரு டைல்கூடக் கூடவோ குறையவோ இல்லை. ஆனால் 24-ஆக இருந்த ஓரம் மூன்று மடங்காகிவிட்டது.

எங்கிருந்து வந்தது இந்தக் கூடுதல் ஓரம்? ஒவ்வொரு டைலுக்கும் நாலு ஓரம் உண்டு. முப்பத்தாறுக்கும் சேர்த்து 144. இரண்டு டைல் ஒட்டி நிற்கும் இடத்தில் இருவரின் ஓரமும் உள்ளே மறைந்துபோகும். ஒரு ஒட்டு இரண்டு ஓரத்தை மறைக்கிறது. ஆறுக்கு ஆறு சதுரத்தில் அப்படி 60 ஒட்டு, 120 ஓரம் மறைந்து 24 மட்டும் வெளியே தெரியும். ஒற்றை வரிசையில் 35 ஒட்டுதான், 70 ஓரம்தான் மறையும், மீதி 74-ம் வெளியே. சதுரத்தின் நடுவில் இருக்கும் டைல்கள் நாலு பக்கமும் அண்டை வீடு உள்ளவை, அவற்றுக்கு வேலியே வேண்டாம். ஒற்றை வரிசையில் எந்த டைலும் அப்படி நடுவில் இல்லை. எல்லாமே வெளி ஓரத்தில் நிற்கின்றன.

மாமாவின் காடு அந்த ரயில் பெட்டி வரிசைதான். நடுவில் நின்று பக்கவாட்டில் நடந்தால் 33 அடியில் வேலி வந்துவிடும். சதுரக் காட்டின் நடுவில் நின்றால் எந்தப் பக்கம் நடந்தாலும் நூறடிக்கு மேல் நடக்க வேண்டும். உள்ளே இருக்கும் மண் ஒன்றுதான். அது வெளியுலகைத் தொடும் நீளம்தான் வேறு.

சரி, கல்லுக்கால் கணக்கை முடித்துவிடுவோம். 660 அடிப் பக்கத்தில் பத்தடிக்கு ஒன்று என்றால் 66 இடைவெளி. 66 அடிப் பக்கத்தில் 7 இடைவெளி வைத்துக்கொள்ள வேண்டும், கடைசிக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். மொத்தம் 146 இடைவெளி. சுற்றி வந்து மூடும் வேலியில் எத்தனை இடைவெளியோ அத்தனை கால்தான். கடைசி இடைவெளி முதல் காலிலேயே போய் முடிகிறது. ஒரே நேர்கோட்டு வேலி என்றால்தான் ஒரு கால் அதிகம் வேண்டும். ஆகவே 146 கால், மாமா வாங்கியதைவிட 62 அதிகம். மூலைக்கால்களில் கம்பியை இழுத்து முறுக்கும்போது அவை உள்பக்கம் சாயாமலிருக்க முட்டுக்கால் தனியாக வேண்டும். அவற்றை இந்த எண்ணிக்கையோடு கலக்காமல் தனியாக எழுதிக்கொள்வது நல்லது.

கம்பியும் அப்படித்தான். 12 அடிக் கேட் போக 1,440 அடி ஓரம். ஐந்து வரிசைக் கம்பி என்றால் 7,200 அடி. சதுரக் காட்டுக்காரருக்கு அதே ஐந்து வரிசைக்கு 4,120 அடி போதும். முள்கம்பியைக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை மீட்டர் வரும் என்பது கம்பியின் கனத்தைப் பொறுத்து மாறும் என்பதால், கடையில் அந்தக் கம்பியின் கணக்கைக் கேட்டுவிட்டு வகுக்க வேண்டும். "ஏக்கருக்கு இத்தனை கிலோ" என்று யாராவது சொன்னால், எந்த வடிவத்து ஏக்கருக்கு என்று கேளுங்கள்.

ஆனால் விதைக்கடலை வாங்கப் போனால் இரண்டு பேரும் ஒரே மூட்டைக் கணக்கில்தான் வாங்குவார்கள். விதை மண்ணின் பரப்பில் விழுகிறது, உரமும் அப்படியே. அங்கே காடு நீளமா சதுரமா என்ற கேள்வியே வராது. ஆகவே விவசாயிக்குச் சுற்றளவு, கொத்தனாருக்குப் பரப்பளவு என்று பிரித்து மனப்பாடம் செய்வதில் பயனில்லை. கொத்தனாருக்கு ஸ்கர்ட்டிங் வரும்போது சுற்றளவு வேண்டும், விவசாயிக்கு விதைக்கும்போது பரப்பளவு வேண்டும். ஒரே தென்னங்கன்றுக்கே இரண்டு கணக்கும் வரும். வரப்போரமாக 25 அடிக்கு ஒன்று நட்டால் மாமாவின் காட்டுக்கு 58 கன்று பிடிக்கும், சதுரக் காட்டுக்கு 33. காடு முழுக்கத் தென்னந்தோப்பாக்க நினைத்தால் ஒரு மரத்துக்கு 25-க்கு 25, அதாவது 625 சதுர அடி மண் வேண்டும். அப்போது கணக்குப்படி இருவருக்குமே ஏக்கருக்கு 70 கன்று போல வரும். நடப்போவது ஓரத்திலா, பரப்பிலா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இவ்வளவு வேலிச் செலவு வைக்கும் என்றால் காட்டை ஏன் இப்படி நீளமாக வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். 66-க்கு 660 என்ற அளவு ஒன்றும் தற்செயல் இல்லை. பழைய நில அளவையில் பயன்பட்ட சங்கிலி 66 அடி நீளம், நூறு கண்ணிகள் கொண்டது. 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் வகுத்த சங்கிலி அது. ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம் இருந்தால் ஒரு ஏக்கர். அந்த ஏக்கரில் நூறில் ஒரு பங்குதான் நாம் சொல்லும் சென்ட், 435.6 சதுர அடி. ஆனால் நம் காடுகள் நீளமாவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் உண்டு. பாகம் பிரிக்கும்போது ஒவ்வொருவருக்கும் வண்டித் தடமும் வாய்க்காலும் தொட வேண்டும். தடம் ஒரு பக்கம்தான் இருக்கிறது. குறுக்கே வெட்டினால் பின்னால் இருப்பவருக்கு வழி இல்லை. அதனால் நீளவாக்கில் வெட்டுகிறார்கள். இரண்டு தலைமுறை அப்படி வெட்டினால் நாடா மாதிரி ஆகிவிடும்.

மாமாவின் காட்டையே இரண்டு பாகமாக்குவதாக வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் வெட்டினால் 33-க்கு 660, ஆளுக்கு 50 சென்ட். ஒவ்வொரு பாகத்தின் சுற்றளவு 1,386 அடி. மண் பாதியானது, வேலியோ 66 அடி மட்டும்தான் குறைந்தது! குறுக்கே வெட்டினால் 66-க்கு 330, அதுவும் ஆளுக்கு 50 சென்ட், ஆனால் சுற்றளவு 792 அடி. பின்பாகத்துக்கு ஒரு பத்தடித் தடம் விட்டுக் கொடுத்தால், 330 அடி நீளத்துக்கு 3,300 சதுர அடி, ஏழரை சென்ட் போகும். ஏழரை சென்ட் மண் பெரிதா, ஆளுக்கு ஏறக்குறைய 600 அடி வேலி பெரிதா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பிரிப்பதற்கு முன்னால் இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

இதுவரை பரப்பு மாறாமல் ஓரம் மாறுவதைப் பார்த்தோம். இதன் மறுபக்கமும் உண்டு, அதில்தான் ஏமாற்றம் அதிகம். நாலு குச்சியை எடுத்து, முனைகளில் ஆணி அடித்து ஒரு சதுரச் சட்டம் செய்யுங்கள். எதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல நசுக்குங்கள். சட்டம் சாய்கிறது, இன்னும் அழுத்தினால் நாலு குச்சியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டாகிவிடும். குச்சிகளின் நீளம் மாறவில்லை, எனவே சுற்றளவு கடைசிவரை அதே சுற்றளவு. உள்ளே இருந்த பரப்போ குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டது. நாலு பக்கத்தின் நீளம் தெரிந்தால் மட்டும் போதாது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்பதை இந்தச் சட்டம் காட்டிவிடும்.

ஆனாலும் கயிறு பிடித்து நிலம் பார்க்கும் இடங்களில் இரண்டு குறுக்குவழிகள் இன்னும் புழங்குகின்றன. ஒன்று, சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்குவது. மாமாவின் காட்டுக்கு இதைப் போட்டால் 1,452-ல் நாலில் ஒன்று 363. அதை அதனாலேயே பெருக்கினால் 1,31,769 சதுர அடி, மூன்று ஏக்கருக்கு மேல்! ஒரு ஏக்கர் காடு காகிதத்தில் மூன்று ஏக்கர் ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய தப்பை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கங்கள் ஏறுமாறாக இருக்கும் காட்டில்தான் தப்பு சின்னதாக இருக்கும், கண்ணுக்கும் தப்பிவிடும்.

அப்படி ஒரு காட்டைப் பார்ப்போம். பக்கங்கள் வரிசையாக 100, 134, 161, 100 அடி. இரண்டாவது குறுக்குவழி, எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்குவது. 100-க்கும் 161-க்கும் சராசரி 130.5. 134-க்கும் 100-க்கும் சராசரி 117. பெருக்கினால் 15,268 சதுர அடி, 35 சென்ட். பார்க்க நியாயமான கணக்கு மாதிரித்தான் இருக்கிறது. நாலு மூலையும் சரியான மட்டத்தில் இருக்கும் செவ்வகமாக இருந்தால் நியாயமும்தான். மூலை சாய்ந்த காட்டில் இது எப்போதும் கூட்டியே காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. வாங்குபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

சரியாக அளக்க வேண்டுமானால் குறுக்கே ஒரு கயிறு கட்ட வேண்டும், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு. எதிர் மூலைகள் இரண்டு ஜோடி உண்டு. 100 அடிப் பக்கங்கள் இரண்டும் சேரும் மூலையிலிருந்து இழுத்தால் இந்தக் காட்டில் அது 200 அடி. இப்போது காடு இரண்டு முக்கோணமாகப் பிரிந்துவிட்டது. முக்கோணத்தைக் குச்சிச் சட்டம் போல நசுக்க முடியாது, மூன்று பக்கமும் குறித்தால் வடிவமும் நின்றுவிடும். அடுத்து, மீதமுள்ள இரண்டு மூலைகளிலிருந்தும் கயிற்றுக்கு எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். சாய்வாக இல்லை, கயிற்றுக்குச் செங்குத்தாக. மூலையில் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மறு நுனியைக் கயிற்றின்மேல் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். எந்த இடத்தில் அளவு மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் செங்குத்து. இந்தக் காட்டில் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 80 அடி.

60-ம் 80-ம் கூட்டினால் 140, அதில் பாதி 70, அதைக் கயிற்றின் 200-ஆல் பெருக்கினால் 14,000 சதுர அடி. 435.6-ஆல் வகுத்தால் 32 சென்ட்டும் கொஞ்சமும். சராசரிக் கணக்கு 35 என்றது. அந்த மூன்று சென்ட் மண் காட்டில் எங்கேயும் இல்லை, ஆனால் சென்ட்டுக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கும்போது அதற்கும் சேர்த்துப் பணம் போய்விடும். சர்வேயர் தரும் புலப்படத்தைக் கையில் வைத்துப் பாருங்கள். எல்லைக் கோடுகளின் நீளத்தோடு நில்லாமல், உள்ளே குறுக்குக் கோடுகளும் அவற்றுக்கான அளவுகளும் போட்டிருக்கும். அவை இந்தக் கயிற்று வேலைக்காகத்தான்.

மாமா மீதி 62 கால்களும் இறக்கி வேலியை மூடினார். பிறகு ஒரு நாள் அதே காட்டின் ஓரத்தில் நின்று, தென்மேற்கு மூலையில் ஒரு கிணற்று மேடையைச் சுற்றிப் பத்துக்குப் பத்து சிமென்ட் தளம் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார். "தளத்துக்கு நூறு சதுர அடி. ஓரத்துல செங்கல் வரிசை வெச்சா நாப்பது அடி" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, கிணற்று வாய் எவ்வளவு அகலம் என்று பார்க்க டேப்பை எடுத்துக்கொண்டு போனார். நூறிலிருந்து அந்த வாயின் பரப்பைக் கழிக்க வேண்டும் அல்லவா.